வடக்கே தலை வைத்த பலகை

மூன்று மாதத்தில் ஒரு குழந்தை இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்திருப்பதாக நானே என் கையால் எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டத்தில் எதுவும் உறைக்காது. வெளியே வரிசையில் முப்பது குழந்தைகள் அழும். உள்ளே ஊசி, எடை, நீளம், கையெழுத்து என்று நான் ஓடிக்கொண்டிருப்பேன். 64.6 என்று எழுதினேன். அதற்கு மேலே, மூன்று மாதம் முன்பு, என் கையெழுத்திலேயே 64.4 இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வீடு கே.கே. நகரில். தினமும் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதிக் கோபம் வந்திருக்கும். மீதியை வேலை பார்த்துக்கொள்ளும். கோபக்காரி என்று எனக்குப் பெயர். தப்பு செய்கிறவர்களிடம் கோபப்படுவது சுலபம் என்பதால் இத்தனை வருஷம் அதை ஒரு தகுதியாகவே வைத்திருந்தேன்.

நிற்கத் தெரியாத குழந்தையின் உயரத்தைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கு ஒரு நீளமான மரப்பலகை உண்டு. ஒரு முனையில் அசையாத செங்குத்துப் பலகை. குழந்தையின் உச்சந்தலை அதில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மறுமுனையில் நகர்கிற பலகை ஒன்று. அதைத் தள்ளிக்கொண்டு வந்து பாதத்தில் சேர்க்க வேண்டும். ஓரத்தில் அளவுகோல். இந்த வேலைக்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, முகம் நேரே மேலே பார்க்கும்படி வைத்திருப்பார். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று ஒரு கையால் முழங்காலை மெதுவாக அழுத்திக் காலை நீட்டி, மறு கையால் பலகையை இரண்டு பாதத்திலும் ஒட்டும்படி தள்ளி, விரல்கள் மேலே பார்க்கிறதா, குதிகால் ஒட்டியிருக்கிறதா என்று கவனித்து, மில்லிமீட்டர் வரை படிப்பார். பிறகு குழந்தையைத் தூக்கிவிட்டு, மறுபடி படுக்க வைத்து, இன்னொரு தடவை. இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சராசரி எழுதலாம். பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் இதை நான்தான் செய்து காட்டுவேன். பிளாஸ்டிக் பொம்மையை வைத்து. பொம்மை உதைக்காது.

சங்கதி ஆரம்பித்தது பலகையில் இல்லை, அறையில். எங்கள் பழைய அறையின் கூரை ஒழுகியது. அதனால் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். அங்கே மேற்குச் சுவரோடு சேர்த்துப் பதித்த ஒரு கடப்பாக்கல் மேடை. பலகையை அதன்மேல் வைத்தோம். அளவுகோல் பலகையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. அது அறைப் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தால் தலைப்பக்கம் வடக்கே போய்விட்டது. பலகையைச் சுற்றி வைத்தால் அளவுகோல் சுவருக்குப் பக்கத்தில் போய் மாட்டிக்கொள்ளும், படிக்க முடியாது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை.

விஷயம் என்று காட்டியவர்கள் அம்மாக்கள். அம்மாக்களைவிட, அவர்களோடு கூட வருகிற பாட்டிகளும் அத்தைகளும்.

"சிஸ்டர், வடக்க தலை வெச்சு குழந்தைய படுக்க வெக்கிறீங்களே."

பெருமாளே படுத்துக் கொண்டிருக்கிற ஊர் இது. படுக்கிற திசைக்கு இங்கே மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி. முதல் தடவை நான் "அரை நிமிஷம்தாங்க, தூங்கவா போறான்" என்றேன். அந்த அம்மாள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றுவிட்டார். அளக்காமலே ஊசி மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டாவது தடவை வாக்குவாதம். மூன்றாவது தடவை எங்கள் உதவியாளர், என்னைவிடச் சாதுவான மனுஷி, என் காதருகே வந்து, "திருப்பிப் போட்டுடலாம் சிஸ்டர், அளவு அளவுதானே" என்றாள்.

திருப்பிப் போட்டோம். பலகையை இல்லை, குழந்தையை. தலை நகர்கிற பலகைப் பக்கம், பாதம் அசையாத பலகைப் பக்கம். தெற்கே தலை. எல்லோருக்கும் திருப்தி. அளவுகோலும் தெரிந்தது. நீளம் என்பது இந்த முனையிலிருந்து அந்த முனை. எந்தப் பக்கம் தலையாக இருந்தால் என்ன என்று நானும் நினைத்தேன். கேட்டவர்களுக்குத் திருப்பிப் போடுவோம், கேட்காதவர்களுக்கு வழக்கம்போல. எந்தக் குழந்தையை எப்படிப் படுக்க வைத்தோம் என்று எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை. அதைக் குறிக்கப் பதிவேட்டில் கட்டமும் கிடையாது.

நான் சொல்கிற பெண் குழந்தை ஆறாம் மாதம் வந்தபோது அம்மாவும் அத்தையும் சேர்ந்து வந்தார்கள். அம்மா திருவானைக்காவலில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அந்த வாரம்தான் திரும்ப வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அத்தை என்றால் குழந்தையின் அப்பாவுக்கு அக்கா, அதே வீட்டில் இருப்பவர். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். வடக்கு என்று அத்தை சொன்னார், நாங்கள் திருப்பிப் போட்டோம். 64.4.

ஒன்பதாம் மாதம் அம்மா மட்டும் வந்தாள். பள்ளியில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திசை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உதவியாளர் தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் மாற்றப் போயிருந்தாள். வரிசையில் சத்தம். நான் குழந்தையைப் பலகையில் போட்டு, தலையை ஒரு தட்டுத் தட்டி மேலே தள்ளிவிட்டு, காலைப் பிடித்தேன். ஒரு காலைத்தான் பிடித்தேன். மற்றக் கால் மடங்கி உதைத்தது. பலகையை நகர்த்தினேன், படித்தேன், 64.6. ஒரே தடவை. மொத்தம் பதினைந்து விநாடி இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் அம்மாவை எதிரே உட்கார வைத்து அட்டையைப் பார்த்தார். வயதுக்கேற்ற நீளத்துக்கு அட்டையில் ஒரு நடுக்கோடு உண்டு. அதற்குக் கீழே தள்ளி இன்னொரு கோடு. அந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழே புள்ளி விழுந்தால் வளர்ச்சியில் ஏதோ தடை என்று அர்த்தம். ஆறாம் மாதப் புள்ளி நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒன்பதாம் மாதப் புள்ளி கீழ்க்கோட்டுக்கும் கீழே. இரண்டையும் சேர்த்தால் கோடு தரையில் விரித்த பாய் மாதிரி படுத்துக் கிடந்தது.

"எடை கூடியிருக்கு, நீளம் கூடலையே. ரெண்டு பேரா அளந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவும் ரெண்டு பேர்தான் டாக்டர்."

பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. எப்பவும் என்று சொன்னதுதான் வசதியாக இருந்தது. எப்பவும் இரண்டு பேர்தான், அது உண்மை. அன்றைக்கு மட்டும் இல்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு, தைராய்டு உட்பட ரத்தப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொன்னார். குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்கள், பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டார். டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் "நான் வேலைக்குப் போறேன் டாக்டர்" என்று சொல்லும்போது அந்தப் பெண் குரல் இறங்கியதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை அவள் தனியாக வந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு கையில். எல்லாம் சரியாக இருந்தது. அதைக் காட்டிவிட்டு அட்டையையும் காட்டினாள்.

"எல்லாம் நார்மல்னு போட்டிருக்காங்க சிஸ்டர். அப்பறம் ஏன் வளரல?"

எனக்கும் தெரியவில்லை. சில குழந்தைகள் அப்படி, கொஞ்ச நாள் கழித்து வளரும், என்னமோ சொன்னேன். அவள் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அந்த அட்டையை வைத்துத்தான் பேசுகிறார்களாம். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒரு புள்ளி. அதிலிருந்து கோடு நகரவே இல்லை. நேராகத் தெரிகிறதே. அவளுடைய கணவர் சத்தம் போடுகிறவர் இல்லையாம். அட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்து, "நீயே பாரு" என்று மட்டும் சொன்னாராம்.

"திங்கக்கிழமை லெட்டர் குடுத்துடுன்னு சொல்றாங்க. அஞ்சு வருஷமா அந்த ஸ்கூல்ல இருக்கேன் சிஸ்டர். ப்ளஸ் டூவுக்கு இந்த வருஷம்தான் குடுத்தாங்க." அட்டையில் அந்தப் புள்ளியை விரலால் தொட்டாள். "நிச்சயமா அது ரெண்டு மில்லிமீட்டர்தானா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். குழந்தையைக் கொண்டு வாங்க, இன்னொரு தடவை அளப்போம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மனசுக்குள் ஏதோ இடறியது. எது என்று பிடிபடவில்லை. ஆறாம் மாதத்து அளவு தப்பா, ஒன்பதாம் மாதத்து அளவு தப்பா, இரண்டும் சரியாக இருந்து குழந்தைக்குத்தான் ஏதாவதா? தனியாக அளந்தது நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் சொன்ன பதிலும் கூடவே வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டேன்.

"பலகை பொய் சொல்லாதும்மா. ஒரு மாசம் கழிச்சு அளக்கச் சொல்லியிருக்காங்கல்ல, அப்ப பாப்போம்."

அவள் போய்விட்டாள். அவள் போன பிறகு உதவியாளரிடம் எதற்கோ கத்தினேன். எதற்கென்று இப்போது ஞாபகம் இல்லை. அவளுக்கும் அப்போது புரிந்திருக்காது.

அடுத்த புதன்கிழமை ஒரு கொழுகொழு பையன் வந்தான், எட்டு மாதம். கூட வந்தவர்கள் வடக்கு என்றார்கள். திருப்பிப் போட்டோம். உதவியாளர் தலைமாட்டில் நின்றாள். அவள் பக்கம்தான் நகர்கிற பலகை. பையன் அசையாத பலகையில் இரண்டு காலையும் ஊன்றி ஒரு எம்பு எம்பினான். தலையோடு சேர்ந்து பலகையும் வழுக்கிக்கொண்டு போனது. உதவியாளர் தலையையும் பிடிக்க வேண்டும், பலகையையும் பிடிக்க வேண்டும்; தலைக்கும் பலகைக்கும் நடுவில் அவள் விரல்கள் இருந்தன. நானோ அளவைப் படிக்கத் தலைப்பக்கம் குனிந்திருந்தேன். தற்செயலாகக் கால்பக்கம் திரும்பினேன். குதிகால் பலகையிலேயே இல்லை. பையன் நுனிவிரலில் நின்றுகொண்டிருந்தான், படுத்தபடி.

எத்தனை குழந்தைகள் இப்படி என் கண்ணுக்குப் பின்னால் நுனிவிரலில் நின்றிருக்கும்?

"இரு, இரு. இவன நேராப் போட்டு இன்னொரு தரம் அளக்கணும்."

"வடக்குன்னு சொல்றாங்களே சிஸ்டர்."

கூட வந்தவர்களிடம் கெஞ்சினேன். நான் கெஞ்சி அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்த ஆச்சரியத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். தலை, அசையாத பலகைப் பக்கம். உதவியாளர் தலையைப் பிடிக்க, நான் முழங்காலை அழுத்த, பாதம் ஒட்ட. ஒரு தடவை, பிறகு தூக்கிவிட்டு மறு தடவை. இரண்டுக்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். திருப்பிப் போட்டு எடுத்த அளவைவிட ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் குறைவு. ஒரே பையன், ஒரே பலகை, பத்து நிமிஷம்.

மதியம் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். அறை மாறிய தேதிக்கு முன்னால் பார்த்தால் குழந்தைகள் ஒழுங்காக வளர்கிறார்கள். பின்னால் பார்த்தால் ஒன்று ஒரேயடியாக நீள்கிறது, ஒன்று நின்றுபோகிறது, ஒன்று முந்தின மாதத்தைவிடக் குட்டையாகியிருக்கிறது. இதையெல்லாம் என் கைதான் எழுதியிருக்கிறது. நீளம் தப்பானதால், நீளத்துக்கேற்ற எடை என்று கணக்குப் போட்ட இடமும் தப்பு. நன்றாக இருக்கிற பிள்ளையை மெலிந்திருக்கிறது என்று எழுதி, சத்துமாவு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது போகட்டும். உண்மையிலேயே மெலிந்த பிள்ளை எது? எது திருப்பிப் போட்டது, எது நேராகப் போட்டது என்று பார்க்கவும் வழியில்லை. யார் யார் அத்தையோடு வந்தார்கள், யார் தனியாக வந்தார்கள் என்று ஒரு நர்ஸ் நினைவு வைத்திருக்க முடியுமா?

ஒருத்தியை மட்டும் நினைவிருந்தது.

அவளுடைய பக்கத்தைத் திருப்பினேன். அறை மாறுவதற்கு முன்பு, பதினாலாவது வாரத் தடுப்பூசி அன்று, 57. அந்தப் புள்ளி நடுக்கோட்டுக்கு நன்றாகவே கீழே, கீழ்க்கோட்டுக்கு மேலே. அதாவது குழந்தை ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் சின்னவள். அம்மாவும் அப்படித்தான், என் காது உயரம்தான் வருவாள், நானே குள்ளம். அந்தப் போக்கில் ஒழுங்காக வளர்ந்தால் ஆறாம் மாதம் அறுபத்திரண்டு பக்கம் வந்திருக்க வேண்டும். நான் எழுதியது அறுபத்து நாலு. அத்தையோடு வந்த அன்று இரண்டு சென்டிமீட்டர் கூட்டிவிட்டேன். அம்மாவோடு வந்த அன்று மடங்கின காலை அளந்து குறைத்துவிட்டேன். நடுவில் ஒரு மனுஷி வேலைக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் இதுவும் என் ஊகம்தானே? குழந்தையை மறுபடி அளக்காமல் எதை வைத்துச் சொல்வது? ஊகத்தில் எழுதித்தானே இவ்வளவும்.

போன் செய்தேன். மறுமுனையில் பின்னால் பள்ளி மணி அடித்தது.

"லெட்டர் குடுத்துட்டேன் சிஸ்டர், திங்கக்கிழமையே. இந்த மாசம் முடியிற வரைக்கும் வரச் சொல்லியிருக்காங்க."

வெள்ளிக்கிழமை குழந்தையைக் கொண்டுவரச் சொன்னேன். காரணம் போனில் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் காரணத்துக்குக் காரணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நானும் உதவியாளரும் பலகையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். மேடையை இடிக்க முடியாது, அளவுகோலை மாற்ற முடியாது, வடக்கையும் மாற்ற முடியாது. என்ன செய்வது என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்க, உதவியாளர் பலகையைத் தூக்கி அறை நடுவில் தரையில் வைத்தாள். தலைப்பக்கம் கிழக்கே. பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் தரை என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. இரும்பு டேப்பை வைத்துப் பலகையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பலகை சரியாகத்தான் இருந்தது. அது எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அத்தையும் வந்தார்கள். தரையில் தடிமன் இல்லாத ஒரு துணி விரித்து, செருகியிருந்த ஹேர் கிளிப்பை எடுத்துவிட்டு, குழந்தையைப் படுக்க வைத்தோம். உதவியாளர் தலைமாட்டில் மண்டியிட்டாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது, அதனால் தலை நேராக நின்றது. நான் முழங்காலை அழுத்தினேன். இரண்டு குதிகாலும் ஒட்டியது. 66.3. தூக்கி அம்மாவிடம் கொடுத்து வாங்கினோம். 66.5. அட்டையில் 66.4 என்று புள்ளி வைத்தேன். கீழ்க்கோட்டுக்கு நன்றாக மேலே. பதினாலாவது வாரத்துப் புள்ளியையும் இதையும் சேர்த்தால் கோடு ஏறிக்கொண்டு வந்தது. நடுக்கோட்டுக்குக் கீழே, ஆனால் அதே இடைவெளியில், முதலிலிருந்து வருகிற மாதிரியே.

"ஒரு வாரத்துல ரெண்டு சென்டிமீட்டர் வளந்துட்டாளா?" என்றார் அத்தை.

"இல்லீங்க. அவ பாட்டுக்கு வளந்துட்டுதான் இருந்திருக்கா. நாங்கதான் தப்பா அளந்தோம்."

எல்லாம் சொன்னேன். அறை மாறியது, குழந்தையைத் திருப்பிப் போட்டது, நுனிவிரல், மடங்கின கால். திருப்பிப் போடச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அவருக்குத் தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் தப்பு ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் தலை வைப்பது என்று சொல்வது அவர் உரிமை, எப்படி அளப்பது என்று தெரிந்திருக்க வேண்டியது என் வேலை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

அம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆறாம் மாசம் இவ எவ்வளவு இருந்தா?"

"தெரியாதும்மா. அத இனி யாராலயும் அளக்க முடியாது."

"எழுதிக் குடுங்க."

"எத?"

"இப்ப சொன்னீங்கள்ல, அத. தப்பா அளந்தீங்கன்னு. நான் வேலைக்குப் போனதால இல்லைன்னு."

எழுதிக் கொடுப்பது என்றால் என் பெயரில் வரும். மேலே போனால் விளக்கம் கேட்பார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. ஓடியதற்கு வெட்கமாக இருந்தது. தாளை எடுத்தேன். வேலைக்குப் போனதால் இல்லை என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை, அளவு என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுத முடியும் என்றேன். அவள் ஒரு டீச்சர்; புரிந்துகொண்டாள். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் நான் எடுத்த அளவுகள் பிழையானவை, அவற்றை அடித்துவிட்டேன்; இன்று இருவர் சேர்ந்து இருமுறை எடுத்த அளவின்படி குழந்தை தாய் வேலைக்குச் சேரும் முன்பு இருந்த அதே போக்கில் வளர்ந்திருக்கிறது என்று எழுதினேன். ஆறாம் மாதம் திருப்பிப் படுக்க வைத்து அளந்தேன், ஒன்பதாம் மாதம் உதவியாளர் இல்லாமல் தனியாக அளந்தேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு போனில் படம் எடுத்துக் கணவருக்கும் பள்ளி முதல்வருக்கும் அனுப்பினாள். கணவரிடமிருந்து உடனே பதில் வந்தது, ஒரு கட்டைவிரல். கொஞ்ச நேரம் கழித்து முதல்வர் எழுதினார். அவள் படித்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மிகவும் சந்தோஷம், குழந்தை நலமாக இருப்பதுதான் முக்கியம், ஆனால் நேற்றே அந்த வகுப்புக்கு வேறு ஒருவரை எடுத்தாகிவிட்டது.

அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். குழந்தைக்குச் செருப்பு கிடையாது. இருந்தும் அத்தை வாசலில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"தனியா அளந்தேன்னு இதுல எழுதியிருக்கீங்க. அன்னிக்கு டாக்டர் என் முன்னாடிதான் கேட்டாங்க. நீங்க ரெண்டு பேர்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"நீங்க தனியா அளந்தது எனக்குத் தெரியும். நான் அங்கயேதானே நின்னுட்டிருந்தேன். ஆனா இப்படித்தான் அளப்பாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "தனியாத்தான் அளந்தேன்னு நீங்க சொல்லியிருந்தா, அப்பவே திருப்பி அளக்கச் சொல்லியிருப்பாங்கல்ல?"

"சொல்லியிருப்பாங்க."

"ரெண்டு நிமிஷ வேலைங்க அது" என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லாமல் போனாள்.